ஆஸ்திரேலியாவில் பாதிப் படிப்பில் பல்கலைக்கழகம் மாறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர் விசாவில் (சப்கிளாஸ் 500) ஆஸ்திரேலியாவில் இளங்கலையோ முதுகலையோ படித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதியது இது. பிரிட்டனிலும் கனடாவிலும் விதிகள் வேறு. இங்குள்ளதை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். கட்டணங்களும் விசா விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. பணம் கட்டும் முன் உள்துறையின் இணையதளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

வந்து மூணு மாசம்தான் ஆகுது. யூனிவர்சிட்டி பிடிக்கல. இப்பவே வேற இடத்துக்கு மாறிடலாமா?

மாறலாம், ஆனால் உங்கள் விருப்பம் மட்டும் போதாது. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் கல்வி நிறுவனங்கள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் தேசிய விதித்தொகுப்பு ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அதன் 7வது தரவிதிப்படி, முதன்மைப் படிப்பில் ஆறு மாதம் முடியாத மாணவரை, பழைய நிறுவனம் விடுவிக்காமல் வேறு நிறுவனம் சேர்த்துக்கொள்ள முடியாது. இந்த விடுவிப்பைத்தான் மாணவர்கள் ‘ரிலீஸ்’ என்கிறார்கள்.

பலர் தடுக்கி விழுவது ‘முதன்மைப் படிப்பு’ என்ற இடத்தில். ஆங்கிலப் பயிற்சி, டிப்ளமோ, அதன்பின் இளங்கலை என்று ஒரே விசாவில் தொகுப்பாக வந்திருந்தால், அவற்றில் உயர்ந்த படிப்பான இளங்கலைதான் முதன்மைப் படிப்பு. ஆறு மாதக் கணக்கு இளங்கலை வகுப்பு தொடங்கும் நாளிலிருந்துதான் ஓடும். ஆங்கிலப் பயிற்சியிலும் டிப்ளமோவிலும் ஒன்றரை வருடம் கழிந்திருந்தாலும், அந்தக் காலம் முழுவதும் ரிலீஸ் இல்லாமல் நகர முடியாது. ஆஸ்திரேலியாவுக்கு வந்து இறங்கிய தேதியை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

ஆறு மாதம் முடிந்துவிட்டால் ரிலீஸ் தேவையில்லை. அதனால் நான்காம், ஐந்தாம் மாதத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வலுவான காரணம் இல்லையென்றால் அந்த செமஸ்டரை ஒழுங்காக முடித்துவிட்டு மாறுங்கள். தேர்ச்சி பெற்ற பாடங்கள் கையில் இருக்கும், அவற்றை மறுபடி படிக்காமல் கழித்துக்கொள்ள அடுத்த இடத்தில் கிரெடிட் கேட்கவும் ஏதாவது இருக்கும்.

ரிலீஸ் கேட்டா குடுப்பாங்களா? என்ன காரணம் எழுதணும்?

புதிய நிறுவனத்தின் ஆஃபர் லெட்டர் இல்லாமல் விண்ணப்பிக்காதீர்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய பல்கலைக்கழகத்தின் மாற்றக் கொள்கையைப் படியுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் அதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

மாணவரின் நலனுக்கு மாற்றம் உகந்தது என்று கருத வேண்டிய சூழல்களை விதித்தொகுப்பே சொல்கிறது. பல்கலைக்கழகம் கொடுத்த உதவித் திட்டத்தில் பங்கெடுத்த பிறகும் அந்தப் படிப்பின் தரத்துக்கு ஈடுகொடுக்க முடியாமை ஒன்று. உடல்நலம், குடும்பத்தில் இறப்பு போன்ற தவிர்க்க முடியாத நெருக்கடி இன்னொன்று. ஒப்பந்தத்தில் சொன்னபடி படிப்பு நடத்தப்படாமல் இருப்பதும், நிறுவனமோ முகவரோ தவறான தகவல் தந்து பொருந்தாத படிப்பில் சேர்த்துவிட்டிருப்பதும் இவற்றில் அடங்கும்.

“அங்கே ஃபீஸ் கம்மி”, “என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் மெல்பர்னில் இருக்காங்க” என்று எழுதினால் பெரும்பாலும் மறுப்புதான் வரும். ஆனால் முகவர் வாட்ஸ்அப்பில் “இந்தப் படிப்பில் கட்டாயம் இன்டர்ன்ஷிப் உண்டு” என்று எழுதித் தந்து, பாடத்திட்டத்தில் அப்படி எதுவும் இல்லையென்றால், அந்த உரையாடலும் பாடத்திட்டப் பக்கமும் சேர்ந்தால் உறுதியான ஆதாரம். உணர்ச்சிகரமாக இரண்டு பக்கம் எழுதுவதைவிட அரைப் பக்கக் கடிதமும் மூன்று ஆவணங்களும் வேலை செய்யும்.

ரிலீஸ் கிடைத்தால் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உள்முறையீடு செய்ய 20 வேலை நாட்கள் உண்டு, அந்தக் காலம் முடியும் வரை மறுப்பை அரசின் பிரிஸம்ஸ் பதிவேட்டில் இறுதியாக்கவும் முடியாது. முறையீடும் தோற்றால், உயர்கல்வி மாணவர்கள் தேசிய மாணவர் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2025 பிப்ரவரி 1 முதல் இயங்கும் அமைப்பு அது, கட்டணம் கிடையாது. முறையீடு நடக்கும்போது வகுப்புக்குப் போவதை நிறுத்தாதீர்கள். வருகையும் தேர்ச்சியும் சரிந்தால் அதையே உங்களுக்கு எதிராக எடுத்து வைப்பார்கள்.

ரிலீஸ் இல்லாம, ரெண்டு இடத்துலயும் சேர்ந்து அப்புறம் பழையதை விட்டுடலாம்னு ஏஜென்ட் சொல்றாரே?

அது பழைய ஓட்டை. ஏற்கெனவே ஒரு படிப்பில் இருக்கும் மாணவருக்கு இன்னொரு நிறுவனம் கூடுதலாகச் சேர்க்கை உறுதிச் சான்று, அதாவது சிஓஇ, போடுவது முன்பு முடிந்தது. பல்கலைக்கழக விசாவில் வந்து சில வாரங்களில் மலிவான தொழிற்கல்லூரிக்கு நகர்த்தும் வியாபாரம் அந்த வழியாகத்தான் நடந்தது. 2023 ஆகஸ்ட் 26 அன்று அரசு அதை அடைத்தது. முதல் ஆறு மாதத்தில் இருப்பவருக்கு அப்படி இரண்டாவது சிஓஇ உருவாக்க முடியாது.

இதை இன்னும் வழியாகச் சொல்லும் முகவர் விதி தெரியாதவராகவோ தெரிந்தும் மறைப்பவராகவோதான் இருக்க முடியும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கல்வி முகவர் மாணவரைச் சேர்த்துவிடலாம், ஆனால் விசா ஆலோசனை தர அவருக்குச் சட்டப்படி உரிமை இல்லை. பதிவுபெற்ற குடிவரவு முகவர், வழக்கறிஞர் போன்றவர்களுக்குத்தான் அது உண்டு. விசா பற்றி அவர் சொல்வது எதுவானாலும் “உங்கள் பதிவு எண் என்ன?” என்று கேளுங்கள்.

எட்டு பாடம் பாஸ் பண்ணிட்டேன். எட்டுக்கும் கிரெடிட் கிடைச்சிடும்தானே?

பெரும்பாலும் கிடைக்காது. ஆஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகம் இன்னொன்றின் பாடத்தைத் தானாக ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொரு பாடமாக ஒப்பிட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

எண்களைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. சிட்னி, மோனாஷ், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகங்களில் ஓராண்டு முழுநேரப் படிப்பு 48 புள்ளிகள். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் அதே ஓராண்டு 100 புள்ளிகள். 48 வைத்திருக்கிறேன், 100 கேட்கிறார்களே என்று பயப்பட வேண்டியதில்லை. ஓராண்டில் எட்டுப் பாடம் என்பதே பொது அளவு. ‘எத்தனை பாடம்’ என்று பேசினால் குழப்பம் வராது.

ஒப்பீட்டுக்கு அவர்கள் கேட்பது பாடத்தின் பெயரை அல்ல, நீங்கள் படித்த அதே செமஸ்டரின் யூனிட் அவுட்லைனை. அதில் வாராவாரத் தலைப்புகள், தேர்வு முறை, நூல் பட்டியல், வகுப்பு மணிநேரம் எல்லாம் இருக்கும். பழைய பல்கலைக்கழகத்தின் மாணவர் கணக்கு மூடப்பட்ட பிறகு அவற்றை எடுப்பது பெரும்பாடு. மாறும் எண்ணம் வந்த அன்றே எல்லாவற்றையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

கிடைக்கும் கிரெடிட்டிலும் இரண்டு வகை உண்டு. குறிப்பிட்ட பாடத்துக்கு ஈடாகக் கிடைப்பது ஒன்று. அது கட்டாயப் பாடத்தைக் கழித்துவிடும். குறிப்பிடாத கிரெடிட் இன்னொன்று. அது விருப்பப் பாட இடத்தை மட்டும் நிரப்பும். புதிய படிப்பில் விருப்பப் பாடத்துக்கு இரண்டே இடம் இருந்தால், குறிப்பிடாத கிரெடிட் நாலு வைத்திருந்தும் இரண்டுதான் பயன்படும். கடிதத்தில் ‘நான்கு பாடங்களுக்குக் கிரெடிட்’ என்று பார்த்து மகிழும் முன், அவை எந்த இடத்தில் உட்காரும் என்று கேளுங்கள். முழுப் படிப்பில் பாதிக்கு மேல் கிரெடிட் தராத உச்சவரம்பும் பல இடங்களில் உண்டு.

நர்சிங், பொறியியல், கணக்கியல் போன்ற தொழில்சார் அங்கீகாரம் உள்ள படிப்புகளில் இன்னும் இறுக்கம். நர்சிங் இளங்கலையில் குறைந்தது 800 மணிநேர மருத்துவமனைப் பயிற்சி தேவை. அதை எந்த ஆண்டில் எந்தப் பாடத்தோடு செய்தீர்கள் என்பது வரை பார்ப்பார்கள்.

மதிப்பெண் உங்களோடு வராது. கிரெடிட் பெற்ற பாடங்கள் புதிய சான்றிதழில் மதிப்பெண் இல்லாமல்தான் நிற்கும், சராசரி புதிதாகத் தொடங்கும். முன்பு நன்றாகப் படித்தவருக்கு இது இழப்பு. தோல்வியுற்ற பாடங்களை மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முந்தைய படிப்பு முழுவதையும் விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். மறைத்தது தெரிந்தால் சேர்க்கையே ரத்தாகலாம்.

புது யூனிவர்சிட்டியில ஒரு பாடத்துக்கு எண்ணூறு டாலர் கம்மி. அப்போ லாபம்தானே?

ஒரு பாடத்தின் விலையைப் பார்க்காமல், பட்டம் கையில் வரும்வரை இன்னும் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பாருங்கள். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். இதில் பாடக் கட்டணங்கள் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை, விசாக் கட்டணம் உண்மையானது. டாலர் என்பதெல்லாம் ஆஸ்திரேலிய டாலர்.

ஒரு மாணவி 2025 பிப்ரவரியில் இரண்டாண்டு ஐடி முதுகலையில் சேர்கிறார். மொத்தம் 16 பாடம், செமஸ்டருக்கு நாலு, பாடத்துக்கு 4,800 டாலர். ஓராண்டில் எட்டுப் பாடமும் தேறிவிட்டார். பாடத்துக்கு 4,000 டாலர் வாங்கும் வேறு பல்கலைக்கழகத்துக்கு 2026 பிப்ரவரியில் மாற நினைக்கிறார். அங்கே எட்டில் நாலு பாடத்துக்குக் கிரெடிட் தருகிறார்கள்.

இருக்கும் இடத்திலேயே முடித்தால் மீதி எட்டுப் பாடம், 38,400 டாலர். மாறினால் மீதி 12 பாடம், 48,000 டாலர். அவருடைய முதல் படிப்பு 2026 நவம்பரில் முடிவதாக இருந்தது. நவம்பர், டிசம்பரில் முடியும் நீண்ட படிப்புகளுக்கு விசா வழக்கமாக அடுத்த ஆண்டு மார்ச் 15 வரை வரும். அவருக்கும் 2027 மார்ச் 15 வரை இருக்கிறது. புதிய இடத்தில் 12 பாடம் என்றால் மூன்று செமஸ்டர், அதாவது 2027 ஜூன் வரை போகும். ஆக இடையில் புது விசா எடுத்தே தீர வேண்டும். 2025 ஜூலை முதல் அதன் கட்டணம் 2,000 டாலர். மொத்தம் 50,000 டாலர். ‘மலிவான’ இடம் 11,600 டாலர் அதிகம் கேட்கிறது. அரை வருட வீட்டு வாடகையும் உடல்நலக் காப்பீட்டு நீட்டிப்பும் இதில் சேரவில்லை.

இப்போது கிரெடிட்டை ஏற்றிப் பாருங்கள். ஆறு பாடத்துக்குக் கிடைத்தாலும் மீதி பத்து, 40,000 டாலர், இன்னும் நஷ்டம்தான். ஏழு கிடைத்தால்தான் பாடக் கட்டணம் 36,000 ஆகி, விசாக் கட்டணத்தைச் சேர்த்தாலும் 38,000 என்று பழைய இடத்தைவிடக் கீழே வரும். இந்த மாணவிக்கான கேள்வி “ஏழு பாடத்துக்குக் கிரெடிட் தருவீர்களா?” என்பதுதான். பதில் எழுத்தில் வரும்வரை முன்பணம் கட்டக் கூடாது.

கட்டின ஃபீஸ் திரும்பக் கிடைக்குமா?

நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பணம் திருப்பும் பகுதி இருக்கிறது. பதில் அங்கேதான், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். பொதுவாக செமஸ்டர் தொடங்குவதற்குப் பல வாரங்களுக்கு முன் எழுதிக் கொடுத்தால் அதிகம் திரும்பும், நாள் நெருங்க நெருங்கக் குறையும். சென்சஸ் தேதி தாண்டினால் அந்த செமஸ்டர் கட்டணம் போனதுதான், பாடங்களும் விலகல் அல்லது தோல்வி என்று பதிவில் நிற்கக்கூடும். சென்சஸ் தேதி வகுப்பு தொடங்கிச் சில வாரங்களிலேயே வந்துவிடும். கல்வி நாட்காட்டியில் இருக்கும்.

ஸ்காலர்ஷிப் கூட வராது. முதல் வருடச் சலுகை வாங்கியிருந்தால், விலகும்போது அதைத் திருப்பிக் கேட்கும் வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பாக்கி வைத்துவிட்டுப் போனால் மதிப்பெண் பட்டியலை நிறுத்தி வைக்கலாம், அது இல்லாமல் புது இடத்தில் கிரெடிட் கேட்க முடியாது.

ஊரில் வங்கியில் கல்விக் கடன் வாங்கியிருந்தால், அது குறிப்பிட்ட பல்கலைக்கழகத்துக்கும் படிப்புக்கும் ஒப்புதலான கடன். புது ஆஃபர் லெட்டரையும் கட்டண விவரத்தையும் கிளையில் கொடுத்துத் திருத்திய ஒப்புதல் வாங்காமல் அடுத்த தவணை புது இடத்துக்குப் போகாது. அப்பாவோ அம்மாவோ நேரில் போக வேண்டிய வேலை இது. கட்டணக் கெடுவுக்குக் கணிசமான நாள் முன்பே தொடங்கச் சொல்லுங்கள்.

மாறினா புது விசா எடுக்கணுமா?

மாறும் படிப்பு அதே நிலையிலோ அதற்கு மேலோ இருந்து, விசா முடிவதற்குள் முடிந்துவிடும் என்றால், தேவையில்லை. ஆஸ்திரேலிய விசா ஒரு பல்கலைக்கழகத்தோடு கட்டப்பட்டதல்ல. விசா நிபந்தனை 8202 கேட்பது, பதிவுபெற்ற படிப்பில் தொடர்ந்து சேர்ந்திருக்க வேண்டும், விசா எந்த நிலைப் படிப்புக்குத் தரப்பட்டதோ அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பதையே.

நிலைகளுக்கு எண் உண்டு: டிப்ளமோ 5, இளங்கலை 7, முதுகலை 9, முனைவர் 10. முதுகலையிலிருந்து முதுகலைக்கு மாறினால் பிரச்சினை இல்லை. முனைவரிலிருந்து முதுகலைக்கு இறங்கவும் விதிவிலக்கு உண்டு. முதுகலையை விட்டுவிட்டு டிப்ளமோவில் சேர்ந்தால் நிபந்தனை மீறல். சேரும் முன்பே புது விசா வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் ‘உண்மையான மாணவர்’ என்ற தகுதியை நிரூபிக்கவும் வேண்டும். பட்டதாரி ஏன் கீழ்நிலைப் படிப்புக்கு வருகிறார் என்ற கேள்விக்கு நம்பும்படியான பதில் இல்லாமல் மறுக்கப்பட்டவர்கள் நிறைய. வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 29,710 டாலர் காட்ட வேண்டும் என்ற அளவுகோல் 2024 மே 10 முதல் இருக்கிறது. மறுபடி விண்ணப்பித்தால் பணக் கணக்கும் மறுபடி வரும். உள்நாட்டிலிருந்து விண்ணப்பிக்க ஆஃபர் லெட்டர் மட்டும் போதாது, சிஓஇ வேண்டும்.

பழைய இடத்துல விலகிட்டேன், புது சிஓஇ இன்னும் வரல. எவ்வளவு நாள் டைம் இருக்கு?

இத்தனை நாள் சும்மா இருக்கலாம் என்று 8202 எந்தச் சலுகையும் தரவில்லை. மாணவர்கள் நடுவில் உலவும் நாள் கணக்குகளை நம்பி உட்காராதீர்கள். நீங்கள் விலகியதும் பல்கலைக்கழகம் பிரிஸம்ஸில் சிஓஇயை ரத்து செய்யும், அந்தத் தகவல் உள்துறைக்குத் தெரியும். விசா அன்றே ரத்தாகாது. ஆனால் ரத்து செய்யும் எண்ணம் இருப்பதாக அறிவிப்பு வரலாம். வந்தால் அதில் தந்த கெடுவுக்குள் காரணத்தையும் புது சேர்க்கையையும் காட்டிப் பதிலளிக்க வேண்டும். பதில் சொல்லாமல் விசா ரத்தானால் மூன்றாண்டுகள் வரை புது தற்காலிக விசாவுக்குத் தடை வரக்கூடும். அறிவிப்பு பழைய மின்னஞ்சலுக்குப் போய்ப் பார்க்கப்படாமல் கிடப்பது பெரிய ஆபத்து. பல்கலைக்கழக மின்னஞ்சல் மூடப்படும் முன் உள்துறைக் கணக்கில் சொந்த மின்னஞ்சலை மாற்றிவிடுங்கள்.

இப்போது இந்த நிலையில் இருப்பவர், விண்ணப்பித்த தேதி, ஆஃபர், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு, சிஓஇயைத் துரிதப்படுத்தச் சொல்லி புது நிறுவனத்தின் சேர்க்கைப் பிரிவைத் தினமும் கேளுங்கள். இன்னும் விலகாதவர் வரிசையை மாற்றக் கூடாது. ஆஃபர் முதலில், பிறகு எழுத்தில் கிரெடிட் முடிவு, ஆறு மாதத்துக்குள் என்றால் ரிலீஸ், அதன்பின் பணம் கட்டிப் புது சிஓஇ. பழைய இடத்தில் விலகல் கடிதம் கடைசியில்தான், அதுவும் அந்த செமஸ்டரின் சென்சஸ் தேதிக்கு முன்.

படிச்சு முடிச்சதும் 485 விசா எடுக்கணும். மாறினதால அதுக்கு பாதிப்பு வருமா?

வரக்கூடும். பட்டதாரிகளுக்கான 485க்கு ஆஸ்திரேலியாவில் குறைந்தது இரண்டு கல்வியாண்டுகள் படித்திருக்க வேண்டும். அது அரசின் படிப்புப் பதிவேட்டின்படி 92 வாரம், நாட்காட்டியில் 16 மாதத்துக்குக் குறையாமல். ஊரில் படித்த முதுகலைக்கோ வேலை அனுபவத்துக்கோ கிரெடிட் வாங்கிப் படிப்பைச் சுருக்கினால், சுருங்கிய காலம் இந்தக் கணக்கில் சேராது. மாறும்போது கிடைக்கும் இடத்திலெல்லாம் கிரெடிட் கேட்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஒரு செமஸ்டர் மிச்சம் பிடித்து, அதனால் 485 தகுதியை இழப்பது பெரிய நஷ்டம்.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. 2024 ஜூலை 1 முதல், பாடவழி முதுகலை முடித்தவர் 485க்கு விண்ணப்பிக்கும்போது 35 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஆராய்ச்சிப் பட்டங்களுக்கு 50 வரை. முப்பத்தைந்தை நெருங்குபவருக்கு மாற்றத்தால் கூடும் அரை வருடமே கதவை அடைத்துவிடலாம். உங்கள் பிறந்த தேதி, புது சிஓஇயின் முடிவுத் தேதி, கிரெடிட் கடிதம் மூன்றையும் ஒரு பதிவுபெற்ற குடிவரவு முகவரிடம் காட்டி, ஆஃபரை ஏற்கும் முன் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.